வங்கிக்குப் போனால் பான் எண் மாறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் வரி கேள்வி-பதில் பகுதியில், வேறொரு பான் எண்ணில் வருமான வரி கட்டிவிட்ட வாசகர் ஒருவருக்கு, "வங்கிக்குச் சென்று ஒரு கடிதம் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அந்த வரியை நம்பிக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வங்கி வாசலில் நிற்கப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தாங்கள் சொன்னது தாள் சலான் காலத்து விதி. 2011 செப்டம்பர் 1 முதல், கவுண்டரில் சலான் எழுதிக் கட்டியவர் ஏழு நாளுக்குள் விண்ணப்பித்தால் பான் எண்ணை வங்கியே திருத்தலாம் என்று இருந்தது. அப்போதும் சலானில் எழுதிய பெயரும் புதிய பான் எண்ணுக்குரிய பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வருமான வரித் துறையின் இணையதளத்தில் `e-Pay Tax` வழியாகக் கட்டும்போது பெயரை யாரும் எழுதுவதில்லை. பான் எண்ணுக்குரிய பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண் தப்பென்றால் பெயரும் தப்புதான். வங்கி எதை ஒப்பிட்டுத் திருத்தும்? அதே இணையதளத்தில் `Challan Correction` என்று ஒரு வசதி இருக்கிறது. அதிலும் மதிப்பீட்டு ஆண்டு, வரியின் வகை போன்றவற்றைத்தான் மாற்ற முடியும், பான் எண்ணை மாற்ற முடியாது. மிஞ்சுவது வரி அலுவலருக்கு எழுதும் கடிதம் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்பதைத் தங்கள் பகுதி ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். இங்கே பல வீடுகளில் பெரிய வீடும் அதன் வாடகையும் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பெயரில் இருக்கும். அதற்குத் தனிப் பான் எண் உண்டு. குடும்பத் தலைவரான கர்த்தாவுக்குச் சொந்தமாக இன்னொரு பான் எண் இருக்கும். அவர் தன் எண்ணில் உள்ளே நுழைந்து, அங்கிருந்தபடியே `e-Pay Tax` பக்கத்துக்குப் போகிறார். அவருடைய சொந்த எண் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். பெயரும் அவர் பெயர்தான் என்பதால் சந்தேகமே வராது. பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பார்த்தால் போதும்: தனிநபருக்கு P, கூட்டுக் குடும்பத்துக்கு H, கூட்டு வணிக நிறுவனத்துக்கு F, அறக்கட்டளைக்கு T. இதை அச்சிடச் சொல்லி முன்பே இருமுறை எழுதினேன். இடமில்லை என்றே பதில் வந்தது.

ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். கூட்டுக் குடும்பத்தின் 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான சுய மதிப்பீட்டு வரி ரூ.38,400. கர்த்தா அதை 2024 ஜூலை 26 அன்று தன் சொந்த எண்ணில் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் ரிட்டர்னில் அந்தச் சலானின் விவரத்தை எழுதி அனுப்பினால் ரிட்டர்ன் போய்விடும். பரிசீலிக்கும்போது குடும்பத்தின் எண்ணில் அப்படிப் பணமே இல்லை என்று கண்டு, வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் ரூ.38,400-உம் வட்டியும் கேட்டு வரும். அதுவரை யாருக்கும் தவறு தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து கர்த்தாவின் சொந்த ரிட்டர்னில் இருக்கிறது. அதில் முன்கூட்டியே நிரப்பி வரும் விவரங்களில் இந்த ரூ.38,400 தானாக ஏறியிருக்கும். கவனிக்காமல் அனுப்பினால் அவ்வளவும் ரீஃபண்டாக அவர் கணக்குக்கு வந்துவிடும். "வீட்டுக்குள்ளேதானே வந்தது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவரும் குடும்பமும் இரண்டு வரிதாரர்கள். பயன்படுத்திவிட்ட சலானை அலுவலரால் நகர்த்த முடியாது. குடும்பத்தின் வரியோ வட்டியோடு அப்படியே நிற்கும். ஆகவே கடிதம் எழுதும் முன்பே சொந்த ரிட்டர்னில் அந்தச் சலான் பதிவை நீக்க வேண்டும். அனுப்பியாகிவிட்டால், ரீஃபண்ட் வருவதற்குள் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். அந்த ஆண்டுக்கு அதன் கடைசி நாள் 2024 டிசம்பர் 31 என்று இருந்தது; இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு அதை 2025 ஜனவரி 15 வரை நீட்டித்தார்கள். ரீஃபண்ட் வந்துவிட்டதென்றால் கடிதத்தால் பயனில்லை, சரியான எண்ணில் மறுபடி கட்டுவதே வழி.

கடிதம் யாருக்கு என்பதிலும் நாள்கணக்கில் அலைகிறார்கள். பணம் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த எண்ணுக்குரிய வரி அலுவலருக்கு எழுதி, சரியான எண்ணின் அலுவலருக்கு நகல் அனுப்ப வேண்டும். வீடு கானாடுகாத்தானில் இருந்தாலும் பான் எண் சென்னை முகவரியில் வாங்கியதென்றால் அலுவலர் சென்னையில் இருக்கக்கூடும். இணையதளத்தில் `Know Your AO` என்ற இடத்தில் இரண்டு எண்களையும் தனித்தனியே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் கதை வேண்டாம். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடு, கட்டிய தேதி, ஐந்து இலக்கச் சலான் வரிசை எண், தொகை, மதிப்பீட்டு ஆண்டு, தவறான பான், சரியான பான் ஆகியவற்றை எழுதி, "இந்தச் சலான் எந்த ரிட்டர்னிலும் கோரப்படவில்லை" என்ற வாக்கியத்தையும் சேர்க்க வேண்டும். கடைசியில் சொன்ன வாக்கியத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சலான் ரசீது, இரண்டு பான் அட்டைகளின் நகல், பணம் போன வங்கிக் கணக்கின் பக்கம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பணம் யார் எண்ணில் இருக்கிறதோ அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். நம் உதாரணத்தில் கர்த்தா ஒருவரே இரண்டு கையெழுத்துப் போட வேண்டும்: சம்மதக் கடிதத்தில் தனிநபராக, விண்ணப்பத்தில் கர்த்தாவாக. பின்னால் உரிமைப் பிரச்சினை வந்தால் ஈடு செய்வதாக முத்திரைத் தாளில் உறுதிப் பத்திரமும் கேட்பார்கள். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஒரு நடை மிச்சம். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது. முத்திரை போட மறுத்த மேசையையும் பார்த்திருக்கிறோம். அப்போது பதிவுத் தபால்தான் துணை. இணையதளத்தின் `Grievances` பகுதியிலும் பதிந்தால் கேட்க ஓர் எண் கிடைக்கும்.

இதற்கிடையே வந்த பணக் கோரிக்கையைப் பார்த்துப் பயந்து இரண்டாம் முறை கட்டிவிடக் கூடாது. `Response to Outstanding Demand` பக்கத்தில் ஒப்பவில்லை என்று காரணத்தோடு பதில் போட வேண்டும். அலுவலர் மாற்றிய பிறகு, இரண்டு எண்களுக்கும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையை எடுத்து, ஒன்றில் தொகை போயிருக்கிறதா, மற்றதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் மீண்டும் மாட்டுகிறார்கள். வந்த கோரிக்கை தானாக அழியாது. குடும்பத்தின் எண்ணில் நுழைந்து `Rectification` வழியாக ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கக் கேட்டால்தான் அது நீங்கும்.

ஐயா, சொத்து வாங்கும்போது விற்பவரின் பான் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்ட ஒருவருக்கும் சென்ற ஆண்டு இதே "வங்கிக்குப் போங்கள்" என்ற பதிலைத்தான் தந்தீர்கள். அது சொத்து வாங்குபவர் வரியைப் பிடித்துக் கட்டும் 26கியூபி படிவம், அதற்குத் திருத்தும் வழியே வேறு. அன்று அனுப்பிய கடிதம் வெளியாகவில்லை. பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. தங்கள் இதழில் வந்தது என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆடிட்டர் சொல்வதைக்கூடக் கேட்பதில்லை.

வருகிற ஞாயிறு, அதே பகுதியில், அதே எழுத்தளவில், "பான் எண் மாறிய சலானுக்கு வங்கி அல்ல, வரி அலுவலர்" என்று ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் சலானை எந்த ரிட்டர்னிலும் கோரியிருக்கக் கூடாது என்ற பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
வரிக் கணக்கர் ஒருவர்,
காரைக்குடி