அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டாம்

நம் வட்டாரத்து ஆலோசக ஆசிரியர்களுக்கும் கட்டொழுங்கு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தோட்டத்துப் பிள்ளைகளோடு பல வருடம் உட்கார்ந்து பேசியவள் நான். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அண்மையில் ஒரு பள்ளியில் நடந்ததைக் கேள்விப்பட்டு எழுதுகிறேன்.

மூன்றாம் படிவத்துப் பெண். நம்பி ஒரு பையனுக்கு அனுப்பிய படம், புலனக் குழுவில் பரவிவிட்டது. ஆசிரியர் அறையில் அந்தக் கைப்பேசி ஐந்து பேர் கை மாறியதாம். உறுதி செய்யத்தான் பார்த்தார்களாம்! அவளே ஒப்புக்கொண்ட பிறகு எதை உறுதி செய்ய? படத்தில் என்ன இருக்கிறது என்று அவள் வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்ளலாம். ஆதாரத்துக்கு என்று உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிக்கொள்ளவே கூடாது. சிறார் பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் குற்றம், பரப்புவதும் குற்றம்.

"ஏம்மா அனுப்பினே?" என்பதைப் பிறகு கேட்கலாம். முதலில், இப்போது படம் யார் யாரிடம் இருக்கிறது, யாராவது பணமோ இன்னொரு படமோ கேட்டு மிரட்டுகிறார்களா, அதில் பெரியவர் யாரும் உண்டா என்று கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குற்றம் தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருந்தால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் நமக்கே 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. யாரிடம், எதற்காகச் சொல்வேன் என்பதை அவளிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோரை அழைப்பதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். என்னிடம் வந்த ஒருத்தி, "அப்பாவுக்கு வேண்டாம் டீச்சர், கொன்னுடுவாரு" என்று அழுதாள். வீட்டில் அடி விழுமா என்று விசாரித்தேன். கத்துவாரே தவிர கை நீட்டியதில்லையாம். சரி, முதலில் யாருக்குச் சொல்லலாம் என்றேன். சித்தியைச் சொன்னாள். சித்தி, அப்புறம் அம்மா, மறுநாள் அப்பா. லயத்தில் ஒரு வீட்டில் கத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பதால் அவரைப் பள்ளிக்கே வரச் சொன்னேன். ஆலையில் ஷிப்ட் முடிந்து தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். "உங்க மக தப்பிக்கப் பார்க்கலண்ணே, உதவி கேட்டு வந்திருக்கா" என்றுதான் ஆரம்பித்தேன்.

"போனை உடைச்சிடறேன்" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன், அதற்குக் காரணமும் இருந்தது. takeitdown.ncmec.org என்ற இலவச சேவை, கைப்பேசியில் இருக்கும் படத்துக்கு அங்கேயே ஒரு கைரேகை போன்ற எண்ணை உருவாக்குகிறது. படம் வெளியே போவதில்லை, எண் மட்டும்தான் போகிறது. அதை வைத்து இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன. போனை உடைத்துவிட்டால் அந்த எண்ணை எடுப்பதும் கடினம், போலீசுக்குக் காட்ட உரையாடலும் இருக்காது.

புலனக் குழுவில் போனதை இந்தச் சேவை எட்டாது. அதற்குப் பையன்களின் பெற்றோரைத் தனித்தனியாக, வேறு வேறு நாளில் அழையுங்கள். பெண்ணின் அம்மாவையும் அவர்களையும் அலுவலக வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியை