ஐந்து வாரம் தாமதமான இரண்டு மில்லி மருந்து: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மண்டலத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளின் உடல்நலப் பரிசோதனைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர். வடசென்னையில் கால்வாய் ஓரக் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் அங்கன்வாடிக்கு வாரம் இரண்டு நாள் போய்வருகிறேன். ஜூலையில் உங்கள் நடமாடும் குழு அங்கே வந்துபோனது உங்களுக்குத் தெரியும். பதிவேடும் உங்களிடம் இருக்கிறது. அதில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு நேராக ‘கண் பிரச்சினை, ரெஃபர்’ என்று எழுதியிருக்கும். அந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதே மூன்று சொற்கள்தான் அவள் அம்மா கையில் கொடுத்த சீட்டிலும் இருந்தன. எந்தக் கண், என்ன தெரிந்தது, எவ்வளவு அவசரம் என்று எதுவும் இல்லை. அவர் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றார். சீட்டைப் பார்த்தவர், ‘கண்ணுல என்னம்மா?’ என்று இவரையே கேட்டிருக்கிறார். ‘வெள்ளையா இருக்குன்னாங்க’ என்று இவர் சொல்ல, கண் அரிப்புக்கான சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைய சம்பளம் போனது. ஒரு வீட்டில் வேலையே போனது. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டிருக்கிறார். அந்தப் புட்டியை என்னிடம் காட்டினார், காலியாக இருந்தது.

ஆகஸ்டில் நான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிறபடி உட்காரவைத்து, கீழிமையை மெல்ல இறக்கி, மூக்குப் பக்கம் பார்க்கச் சொன்னேன். கருவிழிக்கு வெளிப்பக்கம், காதை ஒட்டிய பக்க வெள்ளைவிழியில், கஞ்சி நுரை காய்ந்து ஒட்டியதைப் போல முக்கோணமாக ஒரு திட்டு. இரண்டு கண்ணிலும் அதே இடத்தில். சுற்றியிருந்த வெள்ளைவிழிக்கு ஈரப் பளபளப்பு இல்லை, சுருக்கம் விழுந்திருந்தது. சிவப்பு இல்லை, அரிப்பும் இல்லை. அரிப்புக் கண்ணாக இருந்தால் குழந்தை கசக்கிக்கொண்டே இருப்பாள். இது பிட்டாட் புள்ளி, வைட்டமின் ஏ குறைபாட்டின் அடையாளம். துடைத்தால் நுரை கொஞ்சம் வரும், மறுபடியும் படியும். சொட்டு மருந்துக்குப் போகாது.

அம்மாவிடம் நான்கு கேள்வி கேட்டேன். பகலில் பார்வை எப்படி? இருட்டினால் எப்படி? மற்ற பிள்ளைகளைவிட வித்தியாசமாக இருக்கிறாளா? மாலைக்கண் என்று வீட்டில் யாராவது சொன்னார்களா? உங்கள் படிவத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. ‘பகல்ல நல்லாத்தான் ஓடுறாக்கா. விளக்கு வெக்கிற நேரத்துல அவ அக்கா பாவாடைய விட மாட்டா. தட்டுல சோறு எங்க இருக்குன்னு தடவுறா. பயந்த புள்ளன்னு நெனச்சேன்’ என்றார். வசந்தத்தில் தட்டம்மை வந்ததாகவும், பிறகு பல நாள் பேதி போனதாகவும் சொன்னார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் மாதம் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ ஒரு லட்சம் யூனிட், ஒன்றரை வயதில் பூஸ்டரோடு இரண்டு லட்சம். அதற்கு மேல் எல்லாக் கட்டமும் காலி. ஊசி முடிந்ததும் அம்மாக்கள் வருவது குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை ஒன்பது தடவை கொடுக்க வேண்டிய மருந்து அங்கேயே நின்றுபோகும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கன்வாடியிலிருந்து ஆறு நிமிட நடை. அங்கிருந்த செவிலியர் இரண்டு மில்லி, அதாவது இரண்டு லட்சம் யூனிட், கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் இன்னொரு முறை. மூன்றாம் நாள் இரவு அம்மா போன் செய்தார். ‘அக்கா, தட்டப் பார்த்து சாப்புடுறா’ என்றார். மாலைக்கண் அவ்வளவு வேகமாகத் திரும்பும். புள்ளி மறைய வாரக்கணக்காகும், சில பிள்ளைகளுக்கு மறையாமலும் இருக்கும். அதனால் புள்ளியை மட்டும் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

ஆறு நிமிட நடையில் இருந்த மருந்து அந்தக் குழந்தைக்குக் கிடைக்க ஐந்து வாரமானது. அந்த ஐந்து வாரத்தில் இன்னொரு பேதியோ காய்ச்சலோ வந்திருந்தால் கருவிழி காய்ந்து, கலங்கி, புண்ணாகியிருக்கலாம். அப்புறம் ஒரு நாளிலேயே கண் கரைந்துபோகலாம். கருவிழி மங்கலாக இருக்கும் குழந்தையின் இமையை அழுத்தாமல், முதல் டோஸைக் கொடுத்து அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

ஆகவே நான் கேட்பது இதுதான். புள்ளியோ மாலைக்கண்ணோ தெரிந்த அன்றே, சீட்டு எழுதும் முன், முதல் டோஸ் கொடுக்க வைக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இன்று, நாளை, இரண்டு வாரம் கழித்து என்று மூன்று முறை இரண்டு லட்சம் யூனிட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கண் டாக்டர் பார்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

சீட்டில் வலது கண், இடது கண் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘இரு கண்ணிலும் வெளிப்பக்கம் பிட்டாட் புள்ளி, கருவிழி தெளிவு, மாலைக்கண் உண்டு, முதல் டோஸ் இன்ன தேதி’ என்று ஒரே வரி போதும். இந்த வரி இருந்திருந்தால் அந்த அம்மா சொட்டு மருந்தோடு திரும்பியிருக்க மாட்டார். சீட்டின் பாதியை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப வேண்டும். அது இரண்டு வாரத்தில் வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. அந்த அங்கன்வாடியில் 34 பெயர். குழு பார்த்தது 27 பேரை, அதுவும் ட்யூப்லைட் அடியில், பேனர் கட்டிப் போட்டோ எடுத்த நேரமும் சேர்த்து ஒரு மணி நேரத்தில். வராத ஏழு பேர் யாரென்று ஒரு குறிப்பும் இல்லை. அம்மையும் பேதியும் வந்த பிள்ளைதானே அன்றைக்கு வராது? முதலில் பார்க்க வேண்டியதே அந்தப் பிள்ளையைத்தான். 200 குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் பிட்டாட் புள்ளி இருந்தாலே அந்தப் பகுதிக்கே குறைபாடு என்று கணக்கு. 27 பேரில் ஒருத்தியை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சுற்றியிருக்கும் அங்கன்வாடிகளில் போய்ப் பார்க்காமல் எப்படித் தெரியும்? அவள் தம்பியைக்கூட யாரும் பார்க்கவில்லை. அங்கன்வாடிப் பணியாளரைக் குறை சொல்ல மாட்டேன். எடை, உயரம், சத்துமாவுக் கணக்கு எல்லாம் போனில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் ஊட்டுகிறார் அவர்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, அன்றே முதல் டோஸ் என்பதை எழுத்து உத்தரவாகக் கொடுங்கள். வராத ஏழு பேரின் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மூன்றாவது டோஸ் அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்று காலை உங்கள் குழுவில் ஒருவரை அனுப்பினால், ஏழு வீட்டுக்கும் நானே வழிகாட்டிக் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
வடசென்னை