கல்யாண மண்டபக் கூரை மழைநீர் வடிகால்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கோயில் கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடி வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை. ஆனால் “நல்ல கைப்பிடிச் சுவரில் எதற்கு ஆறு ஓட்டை?” என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லப் பழைய கூரையிலிருந்து தொடங்க வேண்டும்.

கூரை 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். 600 சதுர மீட்டர். நான்கு மூலைகளிலும் மூலைக்கொன்றாக நாலு அங்குலக் குழாய் இருந்தது. ஐப்பசி பிறந்தால் பந்திக் கூடத்தில் வாளி வைப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு முறை மேலே ரசாயனப் பூச்சு அடித்தோம், நிற்கவில்லை. கடைசியில் மேலே ஏறிப் பார்த்த பொறியாளர் தளத்தை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைக் காட்டினார். தரையிலிருந்து எட்டு செ.மீ. உயரத்தில் சுற்றிலும் ஒரே மட்டமாக அழுக்குக் கோடு ஓடியது. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. அப்படித் தேங்கினால் எந்தப் பூச்சும் என்றாவது ஒருநாள் விட்டுக்கொடுக்கும்.

கணக்கு எளிதுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் கமிட்டிக்குள் வாக்குவாதம் வந்தது. 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. சராசரி பார்த்தால் மணிக்கு இரண்டு செ.மீ.தான். “அந்த மழைக்கே இரண்டு என்றால், மணிக்கு 15 செ.மீ. மழைக்குக் குழாய் போடச் சொல்வது யார் வீட்டுப் பணம்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மழை நாள் முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஏரிக்கு நாள் கணக்கு முக்கியம். கூரைக்கு நிமிடக் கணக்குதான். கூரையின் கோடியில் விழும் துளி சில நிமிடங்களில் குழாய் வாய்க்கு வந்துவிடும். இடியோடு வரும் மழை பத்தே நிமிடத்தில் 25 மில்லிமீட்டர் கொட்டினால், அந்தப் பத்து நிமிடத்துக்கு அது மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகம். குழாய் சமாளிக்க வேண்டியது அந்தப் பத்து நிமிடத்தைத்தான். ஆகவே 150 என்று முடிவு செய்தோம்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இதற்கு அட்டவணை இருக்கிறது. மணிக்கு 150 மில்லிமீட்டர் மழையில் நாலு அங்குலக் குழாய் ஒன்று 28.5 சதுர மீட்டர் கூரையைத்தான் தாங்கும். நம்மிடம் இருந்த நான்கும் சேர்ந்தால் 114. கூரையோ 600! வேகத்தைப் பாதியாக, 75 என்று எடுத்துக்கொண்டாலும் 228தான் வருகிறது. முப்பது வருடம் இப்படியே ஓட்டியிருக்கிறோம்.

ஆறு அங்குலக் குழாய் அதே மழையில் 83.6 சதுர மீட்டரைத் தாங்கும். 600-ஐ வகுத்தால் ஏழு குழாய்க்குச் சற்று மேல், அதாவது எட்டு. இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. கூரையின் ஒரு குறுகிய பக்கத்தை ஒட்டி மடப்பள்ளி மாடிச் சுவர் நான்கு மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. காற்றோடு அடிக்கும் மழை அந்தச் சுவரில் பட்டு நம் கூரைக்குத்தான் வழியும். சுவர்ப் பரப்பில் பாதியைக் கூரையோடு கூட்டுவது வழக்கம். 80-இல் பாதி 40, மொத்தம் 640. அதே எட்டு குழாய் போதும், ஆனால் சம இடைவெளியில் வைத்தால் சுவர்ப் பக்கத்து இரண்டும் திணறும். அதனால் நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் நான்கு வாய்கள் வைத்து, சுவரை ஒட்டிய வாய்க்கு ஆறு மீட்டர் நீளமும் மற்ற மூன்றுக்கும் எட்டெட்டு மீட்டருமாகப் பிரித்தோம். இப்போது ஒவ்வொரு வாய்க்கும் 80 சதுர மீட்டர் பங்கு. இடைவெளி கோணலாக இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு இதுதான் காரணம்.

பழைய தட்டோட்டையும் சுண்ணாம்பு ஜல்லியையும் பெயர்த்துவிட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் நூறுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தோம். ஒவ்வொரு வாயிலும் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, மேலே குமிழ்ச் சல்லடை கவிழ்த்திருக்கிறது. தட்டைச் சல்லடை வேண்டாம் என்றதில் பொறியாளர் பிடிவாதமாக இருந்தார். தட்டையை நாலு அரச இலை மூடிவிடும். குமிழில் அடிப்பகுதி இலையில் புதைந்தாலும் மேல் பகுதி வழியே தண்ணீர் இறங்கும்.

சரி, ஓட்டைகளுக்கு வருவோம். எட்டு வாயும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆகாது என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே அரசமரம், தீபாவளி வெடிக் காகிதம் குவிகிற நேரமும் வடகிழக்குப் பருவமழை நேரமும் ஒன்று. நம் கைப்பிடிச் சுவர் மூன்றடி. அடைத்த கூரை என்பது மூன்றடித் தொட்டி. மணிக்கு 150 மில்லிமீட்டர் மழை ஒரு மணி நேரம் நீடித்தால் 600 சதுர மீட்டரில் 90 டன் தண்ணீர் ஏறும், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆள் நடமாட்டத்துக்கென்று வடிவமைத்த கூரைத் தளத்துக்குக் கணக்கில் வைக்கும் பாரமும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். ஒரே மணி நேரத்தில் அந்த அளவு முழுவதும் தீர்ந்துவிடும்.

ஏரிக்கு மதகு இருந்தாலும், நிரம்பினால் தானே வழியக் கலிங்கு இல்லாமல் யாரும் கரை கட்டுவதில்லை. குழாய் வாய்கள் நம் மதகு, அந்த ஆறு ஓட்டைகள் கலிங்கு. ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், அடிமட்டம் குழாய் வாயைவிட ஐந்து செ.மீ. மேலே. மணிக்கு 150 மில்லிமீட்டர் மழையிலும் குழாய் வாயருகே சுமார் இரண்டரை செ.மீ. தண்ணீர்தான் நிற்கும் என்பதால் சாதாரண நாளில் இவை காய்ந்தே கிடக்கும். எல்லாம் அடைத்தால், ஓட்டைக்கு மேல் ஐந்து செ.மீ. ஏறும்போது ஒவ்வொன்றும் விநாடிக்கு ஐந்து லிட்டர் வெளியேற்றும். ஆறும் சேர்ந்து 30. மணிக்கு 150 மில்லிமீட்டர் மழையில் சுவர்ப் பங்கையும் சேர்த்து வருவது விநாடிக்கு 26.7. ஓரத்தில் 10 செ.மீ.க்கு மேல் ஏறாது; வாட்டம் இருப்பதால் நடுக்கூரையில் தண்ணீரே நிற்காது.

ஓட்டைத் தண்ணீரையும் அதே குழாயில் சேர்த்துவிடலாமே என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். குழாய் கீழே அடைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து நின்றுபோகும். அதோடு, இது கண்ணுக்குத் தெரிந்து கொட்ட வேண்டும். ஒன்று செருப்பு விடும் இடத்தின் மேல் விழுகிற மாதிரி அமைந்துவிட்டதால் அந்தக் கொட்டகையைத் தள்ளி வைத்தோம்.

வேலை முடிந்ததும் எட்டு வாயையும் அடைத்து, ஓட்டை மட்டம் வரை தண்ணீர் நிறுத்தினோம். ஒரு லாரித் தண்ணீர் போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பந்திக் கூடத்தின் கூரை காய்ந்தே இருந்தது. அடைப்பை ஒவ்வொன்றாக எடுத்தபோது ஒரு குழாய் மட்டும் மெதுவாக இறங்கியது. உள்ளே சிமெண்டுக் கட்டி. எடுத்துவிட்டோம்.

மாடிச் சாவி மெய்க்காவலரிடம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரம் ஒருமுறை சல்லடையைச் சுற்றி அள்ள வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் கட்டாயம். புறா நுழைகிறது என்று யாரும் ஓட்டைகளில் துணியோ வலையோ செருக வேண்டாம். மழையில் அவற்றிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், மேலே எங்கோ குழாய் அடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி