‘பாயும்’ வேறு, ‘பாயாத’ வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வரும் குரூப் 4 மாதிரி வினாக்களை, உசிலம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பிள்ளைகள் வாராவாரம் போட்டுப் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் விடை திருத்துவது நான். பாடம் தெரிந்தும் அவர்கள் மதிப்பெண்ணை விடும் ஓர் இடத்தைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம்.

சென்ற வாரம் நான் கொடுத்த வினா: ‘பின்வருவனவற்றுள் வைகை ஆறு பாயாத மாவட்டம் எது? அ) தேனி ஆ) மதுரை இ) தூத்துக்குடி ஈ) சிவகங்கை.’ மூன்று பேர் தேனி என்று குறித்திருந்தார்கள். வைகை அணை ஆண்டிபட்டி பக்கம் இருப்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ‘வைகை’ என்று கண்ட உடனே கண் விடைகளுக்குத் தாவிவிட்டது. முதலில் பட்ட உண்மையைக் குறித்துவிட்டார்கள்.

தமிழில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கில வினாவில் ‘நாட்’, ‘எக்ஸெப்ட்’ என்பவை தனிச் சொற்கள். பெரிய எழுத்திலும் அச்சிடலாம். நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது. எதிர்மறையும் பல நேரம் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பொருந்திய, பொருந்தாத, பாயும், பாயாத. வேகமாகப் படிக்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முதல் விடை சரியென்று பட்டாலும் நிறுத்தாமல் நான்கையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ‘பாயும்’, ‘பாயாது’ என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். மேலே உள்ள வினாவில் மூன்று ‘பாயும்’, ஒரு ‘பாயாது’ வரும். ஒரே விடை கேட்கும் வினாவில் இரண்டாவது ‘பாயும்’ வந்தாலே ஏதோ பிசகு என்று தெரிந்துவிடும். உடனே வினாவுக்குத் திரும்பினால் ‘பாயாத’ கண்ணில் படும். அப்புறம், நம் பாடம் தப்பாக இருந்தாலும் இப்படி இரண்டு வரலாம். ஆகவே வினாவைப் பார்க்காமல் விடையை மட்டும் மாற்றக் கூடாது.

‘எப்போதும்’ என்ற சொல் வேறு வகை. அது வந்தாலே கூற்று தவறு என்று சிலர் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் எப்போதும் 180 பாகைதான். ஆனால் ‘இரண்டு பகா எண்களின் கூடுதல் எப்போதும் இரட்டைப்படை’ என்பதற்கு 3+5, 5+7 என்று எத்தனை போட்டுப் பார்த்தாலும் சரியாக வரும். 2+3 போட்டால் 5, கூற்று விழுந்துவிடும். பொருந்தும் உதாரணங்களை அடுக்காமல், பொருந்தாத ஒன்றைத் தேடச் சொல்கிற சொல் அது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடைப் பகுதியில் ‘இ’ என்று மட்டும் போடாமல், இத்தகைய வினாக்களுக்கு ‘பாயாத மாவட்டம்: தூத்துக்குடி’ என்று அந்தச் சொல்லையும் சேர்த்து அச்சிடுங்கள். பாடம் தெரியாமல் தவறினோமா, வினாவைப் படிக்காமல் தவறினோமா என்பது பிள்ளைகளுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

வாசகர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்