காலாண்டுத் தேர்வு மதிப்பெண் திருத்தம்: பத்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுக்கான மதிப்பெண் அட்டையில் சில மாணவர்களுக்குத் தவறான மதிப்பெண்கள் அச்சாகியிருந்தமையால், திருத்திய அட்டையை இன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். விடைத்தாள் எதுவும் மறுமதிப்பீடு செய்யப்படவில்லை. ஆசிரியர்கள் திருத்தியபோது இட்ட மதிப்பெண் அப்படியே இருக்கிறது. அதை அட்டைக்குக் கொண்டுவந்த வழியில்தான் பிழை நேர்ந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாட ஆசிரியர்கள் கையால் நிரப்பிய மதிப்பெண் பட்டியலை இம்முறை ஸ்கேன் செய்து, எண்களைப் படித்தெடுக்கும் மென்பொருள் வழியாகக் கணினியில் ஏற்றினார்கள். பட்டியலில் கட்டங்கள் நெருக்கமானவை. மென்பொருள் எண்களைப் படிப்பதற்கு முன்னால் கட்டக் கோடுகளை அழித்துவிடும். 7 என்ற எண்ணின் மேல்கோடு கட்டத்தின் மேல்வரியோடு ஒட்டியிருந்த இடங்களில், வரியோடு சேர்ந்து அந்த மேல்கோடும் அழிந்து, எஞ்சிய சாய்கோடு 1 என்று படிக்கப்பட்டது. வரியைத் தொடாமல் எழுதிய 7 எல்லாம் சரியாகவே ஏறியிருக்கிறது. ஆகவேதான் ஒரே மாணவருக்கு ஒரு பாடம் சரியாகவும் இன்னொரு பாடம் தவறாகவும் வந்தது.

ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் பெயர் சொல்லாமல் காட்டுகிறேன். தமிழ் 71, ஆங்கிலம் 64, கணிதம் 37, அறிவியல் 58, சமூக அறிவியல் 69, கூட்டினால் 299. அட்டையில் தமிழ் 71 என்றே வந்தது. கணிதமோ 31 ஆகி, தேர்ச்சிக்குரிய 35-க்குக் கீழே போய்விட்டது. மொத்தம் 293 என்று இருந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது: ஆசிரியர் கையால் எழுதிய மொத்தத்தைக் கணினி எடுத்துக்கொள்ளவில்லை; தான் படித்த எண்களைத் தானே கூட்டிக்கொண்டது. தவறான எண்களுக்குச் சரியான கூட்டல் என்பதால், அட்டையை மட்டும் பார்த்தவர்களுக்கு ஐயமே எழவில்லை. அந்த மாணவரின் தாயார் விடைத்தாளின் முதல் பக்கத்தையும் அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்ததால்தான் இது வெளிப்பட்டது. அவருக்கு நன்றி.

அதன்பின் கையால் எழுதிய மொத்தத்தோடு கணினியின் மொத்தத்தை ஒப்பிட்டோம். ஒன்றாம் இடத்து 7 மாறியிருந்தால் மொத்தம் 6 குறையும். பத்தாம் இடத்தில் மாறியிருந்தால் 60 குறையும். மொத்தம் 48 கூடியிருந்த சில வரிசைகள் முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பார்த்தால், தேர்வுக்கு வராதவர் என்று குறிக்க ஆசிரியர் எழுதிய இரண்டு ஆங்கில எழுத்துகளை, எண் மட்டுமே வரவேண்டும் என்று அமைக்கப்பட்ட கட்டத்தில் மென்பொருள் 48 என்று படித்திருந்தது. தேர்வே எழுதாதவர் தேர்ச்சி பெற்றிருந்தார்!

இந்த ஒப்பீடும் முழுமையானதன்று. ஒரு வரிசையில் 60 குறைந்து 48 கூடியிருந்தால் வித்தியாசம் 12 என்றே தெரியும். இரண்டு பாடங்களில் ஆறு ஆறாகக் குறைந்தது போலத் தோன்றும். எனவே மொத்தம் பொருந்திய வரிசைகள் உட்பட எல்லாக் கட்டங்களையும், ஓர் ஆசிரியர் கையெழுத்துப் பட்டியலை வாசிக்க, மற்றொருவர் கணினிப் பதிவைப் பார்த்துச் சரிபார்த்தார். புதிய அட்டை அதன்படியே அச்சானது.

கூட வேண்டியதை மட்டும் திருத்திவிட்டு, குறைய வேண்டியதை இம்முறை விட்டுவிடலாமே என்று சில பெற்றோர் கேட்டார்கள். பிள்ளையின் மனம் வாடுமே என்ற அவர்களுடைய கவலை எனக்கும் புரிகிறது. ஆனாலும், எழுதாத தேர்வுக்கு 48 மதிப்பெண் அட்டையில் நிற்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த இடங்களில் இனி ‘வரவில்லை’ என்றே இருக்கும். காலாண்டு மதிப்பெண் அரசுப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் சேர்க்கப்படுவதில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். தவறான மதிப்பெண்ணால் மாலை நேரச் சிறப்பு வகுப்பில் சேர்க்கப்பட்டவர்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம். தொடர விரும்புவோர் தொடரலாம்.

புதிய அட்டையில் ‘திருத்தப்பட்டது’ என்ற முத்திரையும் தலைமையாசிரியரின் கையொப்பமும் இருக்கும். அதில் நீங்கள் கையெழுத்திட்டுப் பழைய அட்டையுடன் சேர்த்து அனுப்புங்கள். விடைத்தாளின் முதல் பக்கத்தில் உள்ள மதிப்பெண்ணும் புதிய அட்டையும் எங்கேனும் வேறுபட்டால், அந்த விடைத்தாளோடு என்னை நேரில் பாருங்கள். கையெழுத்துப் பட்டியலை உங்கள் முன்னிலையிலேயே எடுத்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியர், பத்தாம் வகுப்பு