ஆறாம் பக்கத்துக்குப் பிறகு

அன்பு மகள்,

நீ அனுப்பிய கட்டுரை வந்து ஒன்பது நாளாகிறது. "அப்பா, நேரமிருந்தா பாருங்க" என்று ஒரு வரி, அதற்குக் கீழே பத்துப் பக்கம். கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து வந்து, மூன்று தரம் வாசித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை போன் எடுத்தேன். புதன்கிழமையும் எடுத்தேன். வகுப்பில் இருந்திருப்பாய், சரி. எழுதுவதென்றால் நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே மழை விடவில்லை. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. கொத்மலை மாமா வந்து போனார், உன்னைக் கேட்டார். மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

முதல் பக்கம் அருமை. அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். வர்ஜினியா வூல்ஃபின் 'மிஸிஸ் டாலோவே' நாவலில் விருந்து வைக்கிற கிளாரிசாவும் போரில் மனம் உடைந்துபோன செப்டிமஸும் ஒரு தடவைகூடச் சந்திப்பதில்லை, ஆனாலும் நாவல் அவர்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது, அதைச் செய்வது மனத்தின் ஓட்டத்தோடே போகிற நனவோடை உத்திதான் என்று எழுதியிருக்கிறாய். இது வாதம். யாரும் மறுத்துப் பேசக்கூடியது, அதனால்தான் வாதம். முப்பது வருசம் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்தேன், இப்படி ஒரு முதல் பக்கம் எழுதியவர்கள் குறைவு.

இரண்டாம் பக்கத்தில் அதை எங்கேயோ வைத்துவிட்டாய். வில்லியம் ஜேம்ஸ் 1890இல் மனத்தை ஓடைக்கு ஒப்பிட்டது, மே சின்கிளேர் 1918இல் டொரதி ரிச்சர்ட்சனின் நாவல்களுக்கு அந்தச் சொல்லை எடுத்து வைத்தது, எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அப்படியே தூக்கி ஜாய்ஸைப் பற்றிய கட்டுரையில் வைத்தாலும் பொருந்தும். எங்கேயும் பொருந்துகிற பக்கம் உன் வாதத்துக்கு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டு வரி போதும்.

நான்காம் பக்கத்தில் நாவலின் தொடக்கத்துக்கு வருகிறாய். சிவப்புப் பேனாவால் 'பிறகு' என்ற சொல்லை வட்டமிட்டேன், ஒரே பந்தியில் ஏழு. பூ வாங்கப் புறப்படுகிறாள், பிறகு போர்ட்டன் வீட்டை நினைக்கிறாள், பிறகு பீட்டர் வால்ஷ், பிறகு தெருவைக் கடக்கிறாள். அவள் மனம் போன வழியே நீயும் போய்விட்டாய். நனவோடையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. அந்த நடைக்கு இழுக்கிற சக்தி இருக்கிறது. நாவல் மிதக்கலாம், கட்டுரை மிதக்கக் கூடாது. 'பிறகு' வருகிற இடத்தில் எல்லாம் 'ஏனென்றால்' போட்டுப் பார். போட முடியாவிட்டால் அது கதை சொல்வது, வாதம் அல்ல.

அந்தத் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். விருந்துக்காகக் கதவுகளைக் கீலிலிருந்து கழற்ற ஆட்கள் வரப்போகிறார்கள். 'கீல்' என்ற சொல் வந்த அடுத்த மூன்றாம் நான்காம் வரியில், பதினெட்டு வயதில் போர்ட்டனில் அவள் சன்னல் கதவைத் திறந்தபோது கேட்ட கீலின் சின்னக் கிறீச்சொலி வருகிறது. அது "இப்போதும் அவளுக்குக் கேட்கிறது" என்கிறார் வூல்ஃப். இன்றைய கீல் பழைய கீலைத் திறக்கிறது. முப்பது வருசத்துக்கு மேற்பட்ட தூரத்தை ஒரு சாமானின் பெயர் கடந்துவிடுகிறது. இந்த ஒரு இடத்தை விரல் வைத்துக் காட்டியிருந்தால், அந்த ஏழு 'பிறகு'வும் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து, அந்த வாக்கியத்தில் யார் பேசுகிறார்கள் என்று பார். "நான்" என்று அவள் சொல்லவில்லை. "அவளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றியது" என்று கதைசொல்லி சொல்கிறாள். துள்ளலும் ஆச்சரியக்குறியும் கிளாரிசாவுடையவை, 'அவள்' என்பதும் இறந்தகாலமும் கதைசொல்லியுடையவை. இதை ஃப்ரீ இன்டிரெக்ட் ஸ்டைல் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நீயோ "ஆசிரியர் முற்றாக மறைந்து பாத்திரம் நேரே பேசுகிறது" என்று எழுதியிருக்கிறாய். ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' கடைசி அத்தியாயத்தில் மொலி 'நான்' என்றே நினைத்துக்கொண்டு போகிறாள், அங்கே அது பொருந்தும். இங்கே பொருந்தாது. இது இலக்கணத் திருத்தம் மட்டும் இல்லையம்மா. இந்தப் பிழையால் உன் வாதமே விழுகிறது. ஆளுக்கு ஆள் சந்திக்காத இரண்டு மனங்களுக்கு இடையில் ஒரு சொல்லைக் கொண்டுபோவது யார்? அந்தக் கதைசொல்லிதான். அவளை மறைந்துவிட்டாள் என்று நீயே அனுப்பிவிட்டால், உன் முதல் பக்கத்துக்கு ஆதாரம் ஏது?

இப்போது 'பிளஞ்ச்' என்ற சொல்லைப் பார். முதல் பக்கத்தில் "என்ன ஒரு பிளஞ்ச்!" என்று சன்னலைத் திறந்து காற்றுக்குள் பாய்கிறாள் கிளாரிசா. அதே இடத்தில், திறந்த சன்னலருகே நின்று, ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்றும் அவளுக்குத் தோன்றுகிறது. நாவலின் கடைசியில் விருந்துக்கு வந்த டொக்டர் பிராட்ஷாவும் மனைவியும் ஒரு பையன் செத்த கதையை, செப்டிமஸின் கதையைத்தான், சொல்கிறார்கள். அவள் தனியே ஒரு அறைக்குப் போய் நினைக்கிறாள்: தன் பொக்கிஷத்தை அணைத்துக்கொண்டுதான் அவன் பாய்ந்தானா? அங்கேயும் அதே 'பிளஞ்ச்'. இதை நீ பிடித்திருக்கிறாய், கெட்டிக்காரி. ஆனால் செப்டிமஸ் சாகும் இடத்திலும் அந்தச் சொல் இருப்பதாக எழுதியிருக்கிறாய். இல்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே அவன் தன்னைத் தூக்கி எறிந்தான் என்றே இருக்கிறது, 'ஃபிளங்'. பாய்ச்சல் அவன் சொல் இல்லை. அது கிளாரிசாவின் சொல், அவன் சாவுக்குப் பிறகு அவள் அவன்மேல் போர்த்துவது.

இதனால் உன் வாதம் கெடவில்லை, கூர்மையாகிறது. இருவரும் ஒன்று என்று சொல்லாதே. அவள் தன் பதினெட்டு வயதுச் சொல்லால் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறாள், அவனைக் கேட்காமலே, என்று சொல். அவனுக்கு உண்மையில் சாக விருப்பமில்லை. வாழ்க்கை நல்லது, வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டுதான் சன்னலில் இருந்தான். அவனைப் பார்க்கிற டொக்டர் ஹோம்ஸ் வாசலுக்கு வந்துவிட்டார், அதனால் போனான். கிளாரிசாவுக்கு அது தெரியாது. வாசிக்கிற நமக்குத் தெரியும். இந்த இடைவெளியில் நில், அங்கேதான் கட்டுரை இருக்கிறது.

ஒருவர் எதிர்த்துக் கேட்பார்: "இனி வெயிலின் வெம்மைக்கு அஞ்சாதே" என்ற ஷேக்ஸ்பியர் வரி இருவர் மனத்திலும் வருகிறதே, அது யார் சொல்? காலையில் புத்தகக் கடைச் சன்னலில் கிளாரிசா வாசித்த வரி, சோபாவில் படுத்திருக்கும் செப்டிமஸுக்கும் வருகிறது. அவன் அந்தக் கடைக்குப் போகவில்லை. இதைத் தவிர்க்காதே, தனிப் பந்தியாக எழுது. ஒரு சொல்லைக் கிளாரிசா கொண்டுபோகிறாள், மற்றதைக் கதைசொல்லி கொண்டுபோகிறாள். நாவலே இரண்டுவிதமாகச் சொல்கிறது என்று ஒப்புக்கொண்டால் உன் வாதம் சிறியதாகும், ஆனால் நிற்கும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதிப் பார். அதை வாசித்தாலே வாதம் நடந்து போக வேண்டும். உன் இப்போதைய தாளில் அது ஐந்து பந்தி நடக்கிறது. ஆறாம் பக்கத்தில் செப்டிமஸ் வந்ததும் நின்றுவிடுகிறது.

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. நான்கு பக்கமும் அவனே. கிளாரிசா இல்லை, உத்தி இல்லை, மேற்கோள்கூட இரண்டுதான். அவன் இரவுகளைப் பற்றி எழுதியிருக்கிறாய். பக்கத்தில் ஆள் இருந்தும் ஒன்றும் படாமல் போவது பற்றி, எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுவது போல இருப்பது பற்றி. கண்ணாடி அந்தப் புத்தகத்தில் எங்கே வருகிறதென்று தேடினேன். பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் வாதம் எங்கே என்று ஓரத்தில் எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை.

பெரியப்பாவைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதுவும் எனக்கு ஞாபகம் வந்தது.

போன சித்திரைப் புத்தாண்டுக்கு வந்திருந்தபோது, எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் நீ உட்கார்ந்திருந்தாய். தேத்தண்ணிக் கோப்பை கையில் ஆறிப்போயிருந்தது. "அப்பா, எனக்கு ராவையில தூக்கமே வருதில்ல" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ மறந்திருக்க மாட்டாய். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை, காலையில் கொஞ்சம் நட, போனைத் தூர வை, உனக்கு ஒன்றுமில்லை என்றேன். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

டொக்டர் ஹோம்ஸ் செப்டிமஸுக்குச் சொன்னது அதுதான். அவனுக்கு ஒன்றுமே இல்லை, வெளியே போகட்டும், வேறு விசயத்தில் மனத்தை வைக்கட்டும். உடம்பு கொஞ்சம் இளைத்தால் தான் காலையில் இன்னொரு தட்டுக் கஞ்சி கேட்பேன் என்கிறார். வகுப்பில் எத்தனை வருசம் அந்த மனிதரைப் பற்றிக் கோபமாகப் பேசியிருக்கிறேன். பெரியப்பாவிடமும் அதே கஞ்சியைத்தான் நீட்டினேன். என் அண்ணன் கேட்டது வேறு. உன்னிடமும் செய்துவிட்டேன். வாசல்வரைக்கும் வந்து நீ சொன்னாய், நான் கதவைச் சாத்திவிட்டேன்.

அந்த நான்கு பக்கத்தையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிடு, ஆனால் கிழிக்காதே. அது வேறு ஒன்று. யாருக்கு எழுதினாயோ அவரிடம் வரவேண்டியது. எனக்கென்றால், நான் இப்போது வாசித்துவிட்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அம்மாவிடம் புத்தகம் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை. மிளகாய்த்தூளும், நீ கேட்ட அந்தப் பழைய சால்வையும் கட்டி வைத்திருக்கிறாள். பத்து மணிபோலப் பேராதனையில் இறங்குவேன். கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒன்றுமே பேச வேண்டியதில்லை. கம்பஸில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால், நீ சரியென்றால், நானும் கூட வந்து வெளியே உட்கார்ந்திருப்பேன்.

வர வேண்டாம் என்றால் ஒரு சொல் அனுப்பு. அனுப்பினாலும் வருவேன், ஆனால் அனுப்பு.

அப்பா