கம்பெனிக்குப் பெயர்: ஞாயிறு மாலைக்குள் சொல்லுங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்குப் பெயர் முடிவு செய்ய வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடுகிறோம்.

1. பதிவுக்கு 2 பெயர்கள்தான் கேட்க முடியும். ஏற்கெனவே உள்ள பெயரைப் போல இருந்தால் தள்ளிவிடுவார்கள். கிடைத்த பெயர் முதலில் 20 நாள் நமக்காக நிற்கும்.

2. கடைசியில் 'புரொடியூசர் கம்பெனி லிமிடெட்' கட்டாயம் வரும். அதனால் முன்னால் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. வட்டாரம், ஆறு, சாமி, பயிர் எல்லாவற்றையும் கோர்த்தால் மண்டிக்காரர் சீட்டில் முதலெழுத்துகளை மட்டும் எழுதுவார். மூட்டை யாருடையது என்று அவருக்கே நினைவிருக்காது.

3. 'ழ' வேண்டாம் என்பது என் கருத்து. 'உழவர்' நமக்குப் பெருமைதான். ஆனால் ஆங்கிலத்தில் 'இசட் எச்' போட்டு எழுதுவோம், வெளிமாநில வியாபாரி 'உசவர்' என்பார், அவர் கணக்காளர் 'எல்' போட்டு எழுதுவார். பில்லில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்றால் பணம் வர இழுக்கும். 'பொன்னேர்' போல ஒன்று பாருங்கள்: முதல் உழவின் பெயர், வாயிலும் தடுக்காது.

4. பயிர்ப் பெயரும் வேண்டாம். மஞ்சள் என்று வைத்துவிட்டு நாளை எள் விற்கப் போனால் சங்கடம்.

5. பிடித்த பெயரை ஒரு வியாபாரியிடம் போனில் ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். மறுநாள் கேளுங்கள். சரியாகச் சொன்னால் இங்கே பதியுங்கள், ஆளுக்கு ஒன்று.

வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் பதில் போடவும்.